லண்டன் கம்பெனி வேலையை விடுறேன்: 30 நாள் எப்ப தொடங்குது, லெப்டொப்பை எப்படி அனுப்புறது?

டிக்கோயாக்காரன் | 7 ஜூன் 2025, காலை 8.15

லண்டன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை. ஊழியர் இல்லை, கொன்ட்ராக்டர். 2023 ஏப்ரலில் சேர்ந்தேன். நேற்று வெள்ளி இரவு 10.40க்கு மெனேஜருக்கு ராஜினாமா ஈமெயில் போட்டுட்டேன். ஒப்பந்தத்துல 30 நாள் நோட்டீஸ்னு இருக்கு. நேற்றிலிருந்து எண்ணினா ஜூலை 6 ஞாயிறோட முடியுது. அதை நம்பி புது இடத்துல ஜூலை 7 திங்கள் சேர்றேன்னு சொல்லிட்டேன். கணக்கு சரியா?

இரண்டாவது, அவங்க அனுப்பின லெப்டொப்பை வேலை முடிஞ்சு 7 நாளுக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். டிக்கோயாவிலிருந்து லண்டனுக்கு யார் செலவுல, எப்படி?

மஸ்கெலியா மலை | 7 ஜூன், காலை 9.02

நோட்டீஸ் எல்லாம் ஊழியருக்குத்தான் தம்பி. கொன்ட்ராக்டரை இலங்கைத் தொழில் சட்டம் கட்டாது. இன்வொய்ஸ் அனுப்புறதை நிறுத்தினா வேலை முடிஞ்சது. லெப்டொப்பை தபால்ல போட்டு விடுங்க.

ஹப்புத்தளை மூடுபனி | 7 ஜூன், காலை 11.40

மேலே சொன்னதுல பாதி சரி. இலங்கைத் தொழில் சட்டம் கட்டாதுதான். ஆனா ஒப்பந்தம் கட்டும். கொன்ட்ராக்டருக்கு ஒப்பந்தத்தை விட்டா வேற பாதுகாப்பும் கிடையாது, வேற கடமையும் கிடையாது. அதனால அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு வரி வரியா பார்க்கணும். இடையில நிறுத்தினா கடைசி இன்வொய்ஸைப் பிடிச்சு வைக்க அவங்களுக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாயிடும்.

டிக்கோயாக்காரன், முடிவுறுத்தல் பகுதியை மட்டும் படிச்சிருக்கீங்க. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்கள்ல "Notices" என்ற தலைப்புல ஒரு பந்தி இருக்கும். யாருக்கு அனுப்பணும், எந்த நேரத்துல கிடைச்சதா எடுத்துக்குவாங்க, இரண்டும் அங்கதான் இருக்கும். "Business Day" என்பதற்கு முதல் பக்கத்துல விளக்கம் இருக்கா பாருங்க. உபகரணப் பந்தியையும் அப்படியே இங்க சொல்லுங்க.

டிக்கோயாக்காரன் | 7 ஜூன், பகல் 1.20

பார்த்தேன். அறிவித்தல் ஒப்பந்தத்துல இருக்குற சட்டப் பிரிவு ஈமெயிலுக்குப் போகணுமாம். நான் மெனேஜருக்கு மட்டும்தான் போட்டேன். ஈமெயில் வியாபார நேரத்துக்கு வெளியே போனா, அடுத்த வியாபார நேரம் தொடங்கும்போது கிடைச்சதா கருதப்படும். வியாபார நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 5, பெறுபவர் இருக்கும் இடத்து நேரம். வியாபார நாள் என்றா இங்கிலாந்துல சனி, ஞாயிறு, பொது விடுமுறை அல்லாத நாள்.

உபகரணம்: முடிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் "return" பண்ணணும், கம்பெனி செலவுல, நியாயமான தேய்மானம் நீங்கலாக நல்ல நிலையில். தராட்டி பெறுமதியை இறுதிக் கொடுப்பனவிலிருந்து கழிக்கலாம்.

ஹப்புத்தளை மூடுபனி | 7 ஜூன், மாலை 4.05

அப்ப கணக்கு இப்படி. இப்ப லண்டன்ல கோடை நேரம், நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணித்தியாலம் வித்தியாசம். உங்க ஈமெயில் போன வெள்ளி இரவு 10.40, அங்க மாலை 6.10. ஐந்து மணி தாண்டிட்டுது. சரியான முகவரிக்குப் போயிருந்தாலும் அது கிடைச்சதாகிறது ஜூன் 9 திங்கள் காலை 9 மணிக்கு. மெனேஜருக்குப் போனது அறிவித்தலே இல்லைன்னு வேணும்னா அவங்க சொல்லலாம்.

இதுல நல்ல விஷயம், இன்னும் ஒண்ணும் கெடலை. இன்றைக்கே சட்டப் பிரிவு முகவரிக்கு அனுப்பி, மெனேஜருக்குப் பிரதி போடுங்க. சனியில போனாலும் ஞாயிறுல போனாலும் அதே திங்கள்தான் விழும். திங்கள் நம்ம நேரம் இரவு 9.30 தாண்டினா செவ்வாய்க்குத் தள்ளிப் போகும். செவ்வாய் நமக்குப் பொசொன் போயா, லண்டனுக்கு சாதாரண வேலை நாள். போயாவை நினைச்சு இருந்துடாதீங்க.

கிடைச்ச நாளைச் சேர்க்காம எண்ணுறதுதான் வழக்கம். ஜூன் 10 முதல் நாள். ஜூன்ல 21 நாள், ஜூலைல 9 நாள். கடைசி நாள் ஜூலை 9 புதன். நீங்க சொன்ன ஜூலை 6 இல்லை.

ஈமெயில்ல மூணு விஷயம் போதும். எந்தத் தேதி ஒப்பந்தத்தை, எந்தப் பந்தியின் கீழ் முடிக்கிறீங்க, உங்க கணக்குப்படி கடைசி நாள் எது. காரணம் எழுத வேண்டாம். கீழே ஒரு வரி: இரு தரப்பும் சம்மதிச்சா ஜூலை 4 வெள்ளியோட முடிக்கலாம், சம்மதம் என்றா எழுத்துல பதில் தாங்க. மூணு நாளுக்காக யாரும் பெரும்பாலும் மல்லுக்கட்ட மாட்டாங்க. ஆனா வாய்ப் பேச்சுல சரின்னு சொன்னதை நம்பி ஜூலை 7 வேற இடத்துல உட்காராதீங்க. வேற வாடிக்கையாளருக்கு வேலை செய்யக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கான்னும் பாருங்க. அப்படி இல்லைன்னா, மூணு நாள் இரண்டு பக்கமும் வேலை செய்றதுல சட்டச் சிக்கல் வராது.

வத்தேகம தேவி | 7 ஜூன், இரவு 7.30

என்னுடையதும் வெளிநாட்டுக் கம்பெனிதான், ஆறு வருஷம். விலகினா ஈ.பீ.எஃப்., பணிக்கொடை எல்லாம் லண்டன்லயா கேட்கணும்?

ஹப்புத்தளை மூடுபனி | 7 ஜூன், இரவு 8.10

தேவி அக்கா, சம்பளச் சீட்டுல ஈ.பீ.எஃப். கழிச்சிருந்தா நீங்க கொன்ட்ராக்டர் இல்லை. நடுவுல ஓர் இலங்கைக் கம்பெனி உங்களை ஊழியரா வைச்சிருக்குது. பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். ஐந்து வருஷம் முடிச்சு தானா விலகினாலும் உண்டு, மாதச் சம்பளக்காரருக்கு முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். அந்த இடத்துல 15 பேரோ மேலேயோ வேலை செய்திருக்கணும். கேட்க வேண்டியது அந்த இலங்கைக் கம்பெனிகிட்ட. ஆறு வருஷமும் அதே கம்பெனி பேர்லயா, இடையில மாத்தினாங்களான்னு நியமனக் கடிதங்களை எடுத்துப் பாருங்க. டிக்கோயாக்காரனுக்கு இது எதுவும் பொருந்தாது.

வத்தேகம தேவி | 7 ஜூன், இரவு 8.25

மூணாவது வருஷம் கம்பெனி பேர் மாறிச்சு. வேலை, மெனேஜர் எல்லாம் அதே. தனியா ஓர் இழை தொடங்குறேன்.

கொட்டகலை வயர் | 8 ஜூன், காலை 10.15

லெப்டொப், போன் திருத்துற கடை நம்மது. பெட்டரியை 30 வீதத்துக்கு இறக்கிட்டு அனுப்புங்க. பழைய உடுப்பைச் சுத்தி வைக்காதீங்க, குமிழி உறை இரண்டு மூணு சுத்து, சுத்திவர இரண்டு அங்குல இடைவெளி உள்ள இரட்டைச் சுவர் காட்போட் பெட்டி. உள்ளே முதல்ல பொலித்தீன் பையில போட்டு ஒட்டணும். ஹட்டன் பக்கம் இந்த மாசத்து மழையில பெட்டி வேன்ல ஏறும்போதே நனையும்.

தபால்ல வேண்டாம். லித்தியம் பெட்டரி உள்ள சாமானை விமானத் தபால்ல எடுப்பாங்களா இல்லையான்னு இடத்துக்கு இடம் மாறும், வழியில எங்கயாவது நின்னுட்டா தேடிப் பிடிக்க முடியாது. சர்வதேச கூரியர்தான்.

ஒண்ணு கேட்கணும். லெப்டொப்பைச் சமமான மேசையில மூடி வைச்சு நாலு மூலையையும் விரலால அழுத்திப் பாருங்க. ஆடுதா? டச்பேட் முந்தி மாதிரி கிளிக் ஆகுதா?

டிக்கோயாக்காரன் | 8 ஜூன், பகல் 12.50

ஈமெயில் நேற்றே சட்டப் பிரிவுக்குப் போட்டுட்டேன்.

ஆடுது. வலது முன் மூலை கொஞ்சம் தூக்கி நிக்குது. டச்பேட் இரண்டு மாசமா இறுக்கம், தூசின்னு நினைச்சேன்.

கொட்டகலை வயர் | 8 ஜூன், பகல் 1.30

தூசி இல்லை, பெட்டரி ஊதியிருக்கு. பெட்டரிக்குள்ள இருக்குற திரவம் சிதைஞ்சு வாயு உண்டாகி, அலுமினியப் பை மாதிரியான உறை தலையணையா உப்பும். எந்நேரமும் சார்ஜர்ல குத்தியே வைச்சு வேலை செய்யுற லெப்டொப்புக்கு இது சீக்கிரமா வரும். மேலே டச்பேட்டைத் தள்ளும், கீழே மூடியைத் தள்ளும்.

இப்ப செய்ய வேண்டியது: சார்ஜரைக் கழட்டுங்க. அழுத்தி மூடாதீங்க. ஊசியால குத்தி வாயுவை எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், தீப் பிடிக்கும். மெத்தை, திரைச்சீலை பக்கத்துல வைக்காம சீமெந்துத் தரையில வையுங்க. அணைக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கட்டளையை மட்டும் ஒரு தடவை ஓட்டுங்க:

```
powercfg /batteryreport
```

ஒரு அறிக்கைக் கோப்பு எந்த இடத்துல சேமிச்சிருக்குன்னு காட்டும். அதுல `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY` இரண்டையும் போன்ல படம் எடுங்க. மேசையில ஆடுற வீடியோவும் எடுங்க.

டிக்கோயாக்காரன் | 8 ஜூன், பகல் 2.40

முதலாவது 54,000 எம்டபிள்யூஎச், இரண்டாவது 31,300. அணைச்சு வெளி விறாந்தையில வைச்சிருக்கேன்.

மஸ்கெலியா மலை | 8 ஜூன், மாலை 3.10

54 வொட் மணி, விமானத்துல அனுப்ப வைச்ச 100 எல்லைக்குக் கீழே. நல்ல பெட்டரின்னா ஒரு லெப்டொப்புக்கு ஸ்டிக்கர்கூட தேவையில்லை. லேசா ஊதினதை யாரும் பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. பேசாம அனுப்பிடுங்க, எவ்வளவோ பேர் அனுப்புறாங்க.

ஹப்புத்தளை மூடுபனி | 8 ஜூன், மாலை 5.00

இல்லை அண்ணன், இதுல விட்டுக்கொடுக்க முடியாது. 100 வொட் மணி கணக்கு நல்ல நிலையில உள்ள பெட்டரிக்கு. ஊதின, அடிபட்ட, தீப் பிடிக்கக் கூடிய பெட்டரியை விமானத்துல அனுப்பவே தடை. இயந்திரத்துக்குள்ள இருந்தாலும், பெட்டியில யூஎன் 3481 என்ற லித்தியம் பெட்டரி இலக்கத்தை எழுதினாலும் அதே தடைதான். கூரியர் படிவத்துல ஆபத்தான சாமான் இல்லைன்னு கையெழுத்து வைக்கிறது டிக்கோயாக்காரன், லண்டன் கம்பெனி இல்லை. மேலே காற்றழுத்தம் குறைய உள்ளே இருக்குற வாயு இன்னும் விரியும். அதே விமானத்துல ஆட்கள் இருப்பாங்க.

டிக்கோயாக்காரன், இது உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். இன்றைக்கே மெனேஜருக்கும் ஐ.டி. பிரிவுக்கும் படம், வீடியோ, அந்த இரண்டு இலக்கம் போட்டு எழுதுங்க. பெட்டரி ஊதினது நியாயமான தேய்மானம், நீங்க உடைச்சதில்லை. அதை ஒப்பந்தம் நடக்கும்போதே சொல்லிட்டீங்கன்னு தேதியோட பதிவாகணும். ஜூலைல, பெட்டி லண்டன் போன பிறகு சொன்னா, பழுதான நிலையில திருப்பினாங்கன்னு கழிவு போட இடம் கொடுக்கும்.

மூணு கேள்விக்கு எழுத்துல பதில் கேளுங்க. மிச்ச நாலு வாரம் எந்த இயந்திரத்துல வேலை செய்றது? பெட்டரியை இங்க கழட்ட அனுமதி தர்றீங்களா, கூலி யாருடையது? "return" என்றா இங்க கூரியர்கிட்ட கொடுத்த நாளா, லண்டன்ல சேர்ந்த நாளா?

அனுமதி வரும் முன்னாடி ஒரு ஸ்குரூகூட கழட்ட வேண்டாம். அது அவங்க சொத்து.

டிக்கோயாக்காரன் | 12 ஜூன், இரவு 9.45

பதில் வந்தது. ஜூலை 4 சம்மதம், எழுத்துல. என்னுடைய சொந்த லெப்டொப்புல பிரவுசர் வழியா வேலை செய்யலாம். கூரியர்கிட்ட கொடுத்த நாள் கணக்கு. பெட்டரியைக் கழட்டலாம், ரசீது தந்தா கூலி தருவாங்க. கழட்டும் முன் ஒரு தடவை இன்டர்நெட்டுல இணைச்சா அங்கிருந்தே அழிச்சுடுவாங்களாம்.

ஹப்புத்தளை மூடுபனி | 13 ஜூன், காலை 6.50

அழிக்கச் சொல்லும் முன் உங்களுடையதை எடுத்துக்கங்க. கையெழுத்திட்ட ஒப்பந்தம், எல்லா இன்வொய்ஸ், பணம் வந்த அறிவிப்புகள். கம்பெனி ஈமெயிலும் கடைசி நாள்ல பூட்டிடும், அதனால ஜூலை 4, கூரியர், பெட்டரி பற்றின பதில்களை பி.டி.எஃப். ஆக்கிச் சொந்த ஈமெயிலுக்கு வையுங்க. கம்பெனி வேலைக் கோப்பு எதையும் தொடாதீங்க. வங்கியோ வேற தளமோ அந்த லெப்டொப்புல கைரேகையாலயோ பின் இலக்கத்தாலயோ திறக்கிற மாதிரி வைச்சிருந்தா, அந்தச் சாவி அதோட அழியும். போன்ல புதுசா ஒண்ணு உண்டாக்கிட்டுப் பழையதை நீக்குங்க.

அழிக்கும்போது `Resetting this PC` என்று வரும். சார்ஜர் தேவைப்படும், முடியும் வரைக்கும் பக்கத்திலேயே இருங்க, விறாந்தையிலேயே செய்யுங்க.

கொட்டகலை வயர் | 13 ஜூன், காலை 8.20

கொஞ்சம் திருத்தணும். ஊதின பெட்டரியோட சார்ஜர் குத்தி ஒரு மணித்தியாலம் நிக்கிறதை விட, முதல்ல பெட்டரியைக் கழட்டிட்டு சார்ஜர்ல மட்டும் ஓட்டி அழிக்கிறது நல்லது. அலுவலக வகை விண்டோஸ் லெப்டொப் பெரும்பாலும் பெட்டரி இல்லாமலும் ஓடும். இடையில கரண்ட் போனா அப்படியே அணையும், அதனால மின்வெட்டு அறிவிச்ச நாள்ல செய்ய வேண்டாம்.

கழட்டுறது கடையில பத்து நிமிஷ வேலை. கீழ் மூடி, பெட்டரியைப் பிடிக்கிற ஐந்தாறு ஸ்குரூ, ஒரு கனெக்டர். கனெக்டரை வயர்ல பிடிச்சு இழுக்காம தலையில நெம்பணும். உலோகக் கம்பியால பெட்டரியை நெம்பக் கூடாது. ஸ்குரூக்களை ஒரு சின்னப் பையில போட்டு மூடியில ஒட்டி அனுப்புங்க.

ஹப்புத்தளை மூடுபனி | 13 ஜூன், காலை 9.05

ஒத்துக்கிறேன். பெட்டரி முதல்ல.

டிக்கோயாக்காரன் | 26 ஜூன், மாலை 6.15

பெட்டரி கழட்டியாச்சு, அழிச்சும் ஆச்சு. கூரியர்காரர் இன்வொய்ஸ் கேட்கிறார். விற்கலையே, என்ன இன்வொய்ஸ்?

ஹப்புத்தளை மூடுபனி | 26 ஜூன், இரவு 8.00

சுங்கத்துக்கான இன்வொய்ஸ். அனுப்புறவர் நீங்க, பெறுபவர் கம்பெனி, மொடல், தொடர் இலக்கம், பழைய சாமானுக்குரிய நியாயமான பெறுமதி. பூச்சியம்னு எழுதினா நிறுத்துவாங்க, புது விலை போட்டா வரி ஏறும். விவரத்துல இது இருக்கட்டும்:

```
Used laptop, company property, returned to owner at end of contract.
Not for sale. Value for customs purposes only.
Battery removed. No lithium battery in this shipment.
```

அடையாள அட்டை நகல் ஒண்ணும் வையுங்க. கூரியர் லேபலை நீங்க எடுக்காதீங்க. கம்பெனி தன் கணக்கு இலக்கத்துல உண்டாக்கி பி.டி.எஃப். அனுப்பணும். கூலியும் அங்க வரக்கூடிய வரியும் அப்பதான் அவங்க பக்கம் நிக்கும். உங்க கார்ட்டுல கட்டிட்டுப் பிறகு கேட்கிற பணம் பல மாசம் இழுபடும்.

பிரித்தானியாவிலிருந்து வெளியே போன சாமான் மூணு வருஷத்துக்குள்ள திரும்பினா சுங்கத் தீர்வை, வற் இரண்டுக்கும் நிவாரணம் உண்டு. உங்களுடையது 2023 ஏப்ரல்ல வந்தது, கணக்குக்குள்ள இருக்கு. ஆனா அது அங்கிருந்து போனதுக்கு ஆதாரம் வேணும். பழைய பெட்டியில ஒட்டின விமானப் பொதிச் சீட்டு இருந்தா படம் எடுத்து அனுப்புங்க. கோருவது அவங்க வேலை.

மஸ்கெலியா மலை | 26 ஜூன், இரவு 8.40

போன மாதிரியே திரும்பணும்னு அந்த நிவாரணத்துல நிபந்தனை உண்டே. பெட்டரி இல்லாம போறது?

ஹப்புத்தளை மூடுபனி | 26 ஜூன், இரவு 9.10

நல்ல கேள்வி அண்ணன். என் வாசிப்புல, பாதுகாப்புக்காகப் பழுதான பாகத்தை எடுத்தது பெறுமதியைக் கூட்டலை, குறைச்சிருக்கு. அதிகாரி எப்படி எடுப்பார்னு கம்பெனியின் சுங்க முகவர்தான் கேட்கணும். டிக்கோயாக்காரன், இந்தச் சந்தேகத்தையும் அவங்களுக்கு ஒரு வரியில எழுதிடுங்க.

டிக்கோயாக்காரன் | 2 ஜூலை, இரவு 10.20

லேபல் வந்தாச்சு. விலாசம்தான் பிரச்சினை. தோட்டத்துப் பேர், டிவிஷன், லய இலக்கம் போட்டா கூரியர் தளம் ஏத்துக்கலை. வேனும் டிவிஷன் ரோட்டுக்கு வராதாம்.

கடைசி இன்வொய்ஸ் மாதிரியும் குழப்பம். மாசம் 1,800 பவுண். ஜூலை 1 முதல் 4 வரை எப்படி எழுதுறது?

கொட்டகலை வயர் | 3 ஜூலை, காலை 7.30

டவுன்ல தெரிஞ்ச கடை விலாசத்தைப் போடுங்க, பெயரும் போன் இலக்கமும் உங்களுடையதா இருக்கட்டும். இல்லைன்னா கண்டி கூரியர் அலுவலகத்துல நேரா கொடுங்க, ஸ்கேன் பண்ணின சீட்டு கையோட கிடைக்கும். உங்க 7 நாள் ஜூலை 11 வெள்ளியோட முடியுது. 10 வியாழன் எசல போயா, கூரியர் எடுக்க மாட்டாங்க. வெள்ளிக்கு வைக்காதீங்க, மழைக்கு ரோட்டுல மண் சரிஞ்சா பஸ் நிக்கும். திங்களே போங்க.

மஸ்கெலியா மலை | 3 ஜூலை, காலை 8.15

மாசத்துக்கு 31 நாள், அதுல நாலு. 232.26 பவுண்.

ஹப்புத்தளை மூடுபனி | 3 ஜூலை, காலை 9.00

ஜூலைல 23 வேலை நாள். நீங்க நாலு வேலை நாளும் வேலை செய்றீங்க. அப்படிப் பார்த்தா 313.04. வித்தியாசம் 80 பவுணுக்கு மேல. ஒப்பந்தத்துல முறை சொல்லலைன்னா, சேர்ந்த மாசம் எப்படிக் கொடுத்தாங்கன்னு 2023 ஏப்ரல் இன்வொய்ஸை எடுத்துப் பாருங்க. அதே முறையைக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கு. கணக்கை இன்வொய்ஸ்லயே எழுதுங்க. பெட்டரி கழட்டின கூலியைத் தனி வரியா, ரசீதோட. லெப்டொப் சேரும் வரை காத்திருக்காம ஜூலை 4 மாலையே அனுப்புங்க.

டிக்கோயாக்காரன் | 7 ஜூலை, பகல் 2.10

2023 ஏப்ரல்ல வேலை நாள் கணக்குலதான் கொடுத்திருக்காங்க. அப்படியே 313.04 எழுதி வெள்ளி அனுப்பிட்டேன், கூடவே கூலி ரசீது.

காலை பஸ்ல கண்டிக்கு வந்து பெட்டியை இப்பதான் கொடுத்தேன். கவுண்டர்ல பெட்டியைத் திறக்கச் சொல்லி, பெட்டரி இடம் வெறுமையா இருக்குறதைப் பார்த்துட்டு மூடினாங்க. சீட்டை லண்டனுக்குப் படம் எடுத்து அனுப்பியாச்சு. புது வேலை நம்ம நேரம் மாலைதான் தொடங்குது, அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவேன்.

கழட்டின பெட்டரி இன்னும் விறாந்தையில மணல் போட்ட வாளியில இருக்கு. குப்பை லொறியில போடக் கூடாதுன்னு தெரியும். எங்க கொடுக்கிறது?

கொட்டகலை வயர் | 7 ஜூலை, மாலை 4.45

மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதி உள்ள மின்கழிவு சேகரிப்பவர்கிட்டதான். அந்தப் பட்டியல் அவங்க தளத்துல இருக்கு. கனெக்டர் முனையை இன்சுலேஷன் டேப்பால ஒட்டிட்டு வாளியோட கடைக்குக் கொண்டு வாங்க, எங்ககிட்ட சேர்றதோட சேர்த்து அனுப்பலாம். பஸ்ல கொண்டு வர வேண்டாம், த்ரீவீலர்ல.